எழுத்தில் கேட்கும் குரல்: ஒலிப்பதிவாளர் சிறுகதைக் கருவில் ஐயத்தின் இடம்

பழைய களப்பதிவு ஒன்றில், பதிந்தபோது எவரும் கேட்டிராத குரலை ஒலிப்பதிவாளர் ஒருவர் கேட்கிறார் என்னும் சிறுகதைக் கரு எங்கே வலுப்பெறுகிறது, எங்கே தளர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இக்கருவுக்கு நிகரான நிகழ்வு ஒன்று உண்டு. 1959இல் சுவீடனின் மோல்ன்போ என்னுமிடத்தில் ஓவியர் ஃப்ரிட்ரிக் யூர்கென்சன் பறவையொலிகளை நாடாவில் பதிந்தார். அதை ஒலிக்கவிட்டபோது, இரவுப் பறவைகளைப் பற்றி நார்வே மொழியில் ஓர் ஆண் பேசுவதாகக் கேட்டார். வானொலி அலை ஊடுருவியிருக்குமோ என முதலில் ஐயுற்ற அவர், பின்னர் அத்தகைய குரல்கள் இறந்தோருடையவை என்னும் முடிவுக்கு வந்தார். அந்த ஐயத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட தொலைவே சிறுகதைக்கு உரிய களம்.

அத்தொலைவைக் கடக்கும் பாத்திரத்துக்குத் தொழில் சார்ந்த ஐயங்கள் இருத்தல் வேண்டும். காந்த நாடாச் சுருளில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மெலிதாகப் படிவதுண்டு. சுற்றின் நீளம் 50 செ.மீ., நாடாவின் வேகம் நொடிக்கு 19 செ.மீ. எனில், ஏறத்தாழ 2.6 நொடி முன்னோ பின்னோ அதே குரல் உரக்கக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டால் மெலிந்த குரல் வெறும் படிவு. கேட்கவில்லையெனில் இவ்விளக்கம் பொருந்தாது. முழுமையாக அழியாத முந்தைய பதிவா என்பது அடுத்த சோதனை. இவற்றைத் தவிர்க்கும் கதையில் வாசகரே எளிய விளக்கமொன்றைக் கண்டு விலகிவிடுவார்.

இதனினும் கடினமான சிக்கல் எழுத்து வடிவத்தில் உள்ளது. திரைப்படத்தில் பார்வையாளரும் குரலைக் கேட்கிறார்; சிறுகதையில் பாத்திரம் கேட்டதாக எழுதப்பட்டது மட்டுமே வாசகருக்குக் கிட்டுகிறது. ஓடையின் இரைச்சலுக்கிடையே ஒலிப்பது ‘வராதே’ என்று கதை எழுதிவிட்டால் ஐயம் முடிந்துவிடும். அடுத்த முறை அதுவே ‘வருதே’ எனக் கேட்குமாயின், தடுக்கும் குரல் அறிவிக்கும் குரலாக மாறுகிறது. தெளிவற்ற ஒலியில் இன்ன சொல் உள்ளதென முன்கூட்டியே அறிந்தவர் அச்சொல்லையே கேட்க முனைவர். ஆகவே பாத்திரம் தான் கேட்டதைச் சொல்லாமல், நாடாவை மட்டும் மற்றொருவரிடம் தரும் காட்சி கதைக்கு இன்றியமையாதது.

ஐயப்பொருளைக் கூறும் முறையைத் தொல்காப்பியக் கிளவியாக்கமும் வகுத்துள்ளது: ஆணா பெண்ணா என்னும் ஐயத்தில் பன்மையால் கூறுவது மரபு. ‘ஒரு பெண் பேசினாள்’ என்பதற்கும் ‘ஒரு குரல் கேட்டது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்குப் பொருட்படுத்தத்தக்கது. முன்னது பேசியவரைத் தீர்மானித்துவிடுகிறது; பின்னது கேட்ட ஒலியோடு நின்றுவிடுகிறது.

குரல் யாருடையது என்பதை விளக்கி முடியும் கதை புதிர்க்கதையாகச் சுருங்கும். நாடாப் பெட்டியின் குறிப்புச்சீட்டில் எதை எழுதுவது என ஒலிப்பதிவாளர் தயங்கும் இடத்தில் முடியும் கதையோ, கேட்டதைச் சான்றாக்கும் பொறுப்பைப் பேசுகிறது. இக்கருவின் இலக்கியப் பயன் அப்பொறுப்பிலேயே உள்ளது.