நீள்வால் கோட்பாடும் எல்லைத் தமிழும்: இணையவழித் திரைத்தளங்களின் பொருளியல் குறித்த ஒரு மதிப்பீடு

ஊடகப் பொருளியலில் கடந்த இருபது ஆண்டுகளில் மிகுதியாக எடுத்தாளப்பெற்ற கருத்தாக்கங்களுள் நீள்வால் கோட்பாடும் ஒன்றாகும். கிறிஸ் ஆண்டர்சன் 2004ஆம் ஆண்டு அக்டோபரில் ‘வயர்டு’ இதழில் எழுதிய கட்டுரையில் இதனை முன்வைத்தார். 2006இல் அது நூலாக விரிந்தது. விற்பனையாகும் பொருள்களை விற்பனை அளவின்படி வரிசைப்படுத்தினால், மிகுதியாக விற்கும் சில பொருள்கள் தலைப்பகுதியாகவும், சிறிது சிறிதாக விற்கும் எண்ணற்ற பொருள்கள் நீண்டு செல்லும் வாலாகவும் அமையும். கடையில் அடுக்கிடம் குறைவு என்பதால் வணிகர் தலையை மட்டுமே வைத்திருந்தனர். இணையத்தில் அடுக்கிடத்திற்கு விலையில்லை. ஆகவே வாலும் விற்கும், வாலின் கூட்டுத்தொகை தலைக்கு ஈடாகவும் கூடும் என்பது அவர்தம் வாதம்.

இக்கோட்பாடு சிறுபான்மை மொழிப் படைப்புகளுக்கு உய்வு தரும் என்ற நம்பிக்கை தமிழ் ஊடக ஆய்வுகளிலும் இடம்பெற்றுள்ளது. அந்நம்பிக்கை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆந்திர எல்லையிலுள்ள தமிழை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆண்டர்சன் தம் கட்டுரையில் காட்டிய சான்றுகளுள் ஒன்று இந்தியத் திரைப்படம் என்பது நோக்கத்தக்கது. அமெரிக்காவில் அக்காலத்தில் ஏறத்தாழ 17 இலட்சம் இந்தியர் வாழ்ந்தபோதிலும், ‘லகான்’ அங்கு இரண்டே திரையரங்குகளில்தான் வெளியாயிற்று என்று அவர் எழுதினார். பார்வையாளர் இல்லாமல் இல்லை, அவர்கள் சிதறியிருந்தனர். ஒரு திரையரங்கைச் சுற்றிப் போதிய எண்ணிக்கையில் கூடி வாழாத மக்கள், திரையரங்கின் கணக்கில் இல்லாத மக்களே. இணையம் இச்சிதறலைப் பொருட்படுத்தாது, அனைவரையும் ஒரே அரங்கில் அமர்த்தும் என்பது கோட்பாட்டின் வலிமையான பகுதியாகும்.

இவ்வாதத்தை ஏர்பேட்டில் பொருத்திப் பார்க்கலாம். ரேணிகுண்டாவிற்கும் காளத்திக்கும் இடைப்பட்ட இவ்வூர், 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தினின்றும் பிரிந்து அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் திருப்பதி வளாகம் இங்கு அமைந்தபின் பன்மொழி மாணவர் வந்து சேர்ந்துள்ளனர். ஆயினும் இங்குக் கருதப்படுவது அவர்களன்று; நகரி, புத்தூர், குப்பம் எனப் பரந்து கிடக்கும் பழைய வடார்க்காட்டுத் தமிழரே. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதும், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் எல்லைக் கோட்டை நகர்த்தின; பேச்சு வழக்கை நகர்த்தவில்லை. தெலுங்குச் சொற்கள் விரவிய இத்தமிழும், தமிழ்ச் சொற்கள் விரவிய சித்தூர்த் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. இவ்வழக்கில் ஒரு படம் எடுக்கப்பெற்றால் அது வாலின் நுனியில்தான் நிற்கும். அதனை நீள்வால் காக்குமா என்பதே வினா.

வாங்கிய வட்டும் வாடகை உரிமமும்

கோட்பாடு பிறந்த சூழலை முதலில் அறிதல் வேண்டும். 2004இல் ஆண்டர்சன் ஆராய்ந்த நெட்ஃபிளிக்ஸ், அஞ்சலில் திரைப்பட வட்டு அனுப்பிய நிறுவனமாகும். பிளாக்பஸ்டர் கடையொன்றில் 3,000க்கும் குறைவான தலைப்புகளே இருந்தன. நெட்ஃபிளிக்ஸ் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு அந்த 3,000க்கு வெளியேயிருந்த தலைப்புகளுக்குரியது. அமெரிக்கச் சட்டத்தின்படி, முறையாக விலைகொடுத்து வாங்கிய வட்டை வாங்கியவர் வாடகைக்கு விடுவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டியதில்லை. ஒருமுறை வாங்கிய வட்டு ஆண்டிற்கு இருமுறை மட்டும் வெளியே சென்றாலும் அது நிறுவனத்திற்குச் சுமையன்று.

இணையவழி ஒளிபரப்பில் நிலைமை முற்றிலும் மாறுகின்றது. இங்குப் பொருள் வாங்கப்படுவதில்லை; குறித்த ஆண்டுகளுக்கு, குறித்த நாடுகளுக்கு உரிமம் பெறப்படுகின்றது. காலம் முடிந்தால் மீண்டும் பணம் தரவேண்டும். இல்லையேல் படம் நீங்கும். சேமிப்பிடத்தின் செலவு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று என்பது உண்மையே. ஆயின் உரிமத்தின் செலவு மீண்டும் மீண்டும் வருகின்றது. வட்டு வணிகம் ஓர் இலட்சத்திற்கு நெருங்கிய தலைப்புகளைத் தாங்கியது. ஒளிபரப்புப் பட்டியல் அதன் சிறு பகுதியாகச் சுருங்கியது. அவ்வட்டுச் சேவையும் 2023 செப்டம்பரில் நிறுத்தப்பெற்றது. நீள்வாலின் முதற்சான்றாக விளங்கிய நிறுவனமே தன் வாலைத் துறந்தது என்பது இக்கோட்பாட்டை மேற்கோள் காட்டுவோர் பெரிதும் கவனியாத செய்தியாகும்.

அனிதா எல்பெர்ஸ் 2008இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுப்பிய மறுப்பும் இங்கு எண்ணத்தக்கது. வால் நீண்டதுதான், ஆனால் மெலிந்தது. அரிய படைப்புகளை நாடுவோர் பெரும்பாலும் மிகுதியாக நுகரும் சிலரே. எப்போதாவது வருவோர் தலையையே நாடுகின்றனர் என்று அவர் காட்டினார்.

சந்தாவின் கணக்கு

உரிமச் செலவினும் ஆழமான தடை ஒன்றுண்டு. சந்தா முறையில் தளம் படத்தை விற்பதில்லை. பட்டியல் முழுவதையும் ஒரே கட்டாக விற்கின்றது. ஆகவே ஒரு படத்தை எத்தனை பேர் பார்ப்பர் என்பது தளத்தின் முதல் வினாவன்று. இப்படத்திற்காகப் புதிதாகச் சேர்வோர் எத்தனை பேர், இது இல்லாவிடில் விலகுவோர் எத்தனை பேர் என்பதே அதன் வினா.

ஒரு கற்பிதக் கணக்கால் இதனை விளக்கலாம். எல்லைத் தமிழ் வழக்கில் 20 இலட்ச ரூபாய் செலவில் ஒரு படம் எடுக்கப்பெறுவதாகக் கொள்வோம். தளம் அதற்கு 15 இலட்சம் தருவதாகவும், அதன் ஆண்டுச் சந்தா 300 ரூபாய் என்றும் கொண்டால், இப்படம் ஒன்றிற்காகவே 5,000 பேர் புதிதாகச் சேர்தல் வேண்டும். நகரியிலும் ஏர்பேட்டிலும் உள்ள தமிழர் 10,000 பேர் விரும்பிப் பார்க்கக்கூடும். எனினும் அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் திரைப்படங்களுக்காக முன்னரே சந்தா செலுத்தியவர்களாயின், புதிய வருவாய் ஏறத்தாழ ஒன்றுமில்லை. அவர்கள் பார்க்கின்றனர், ஆனால் கணக்கில் சேர்வதில்லை.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகின்றது. 2019இல் அரியானவி வழக்கிற்கெனத் தொடங்கிப் பின்னர் இராசத்தானி, போச்புரி ஆகியவற்றிற்கும் விரிந்த ‘ஸ்டேஜ்’ தளம், வழக்குகளைத் தனிச்சந்தையாகக் கொண்டு இயங்குகின்றது. அவ்வழக்குகளில் தொடர்ந்து படைப்புகளைத் தரும் பெருந்தளம் இல்லாமையால், தம் மொழியைத் தேடுவோர் அங்கே வந்து பணம் செலுத்துகின்றனர். தமிழின் நிலை வேறு. 2020இல் தெலுங்கில் தொடங்கிய ‘ஆஹா’ 2022 ஏப்ரல் 14இல் தமிழுக்கும் வந்தது. உலகத் தளங்களும் தமிழில் முதலிடுகின்றன. தமிழ் வாலில் இல்லை. அது வலிமையான பட்டியல்மொழி. வாலில் நிற்பவை தமிழின் உள்வழக்குகளே. தாய்மொழி பெரிதாயிருப்பதே அதன் கிளைவழக்கிற்குத் தடையாகின்றது.

‘புஷ்பா’ இதற்கு மறுதலையாகக் காட்டப்படலாம். சேசாசலக் காடுகளைக் களமாகக் கொண்டு சித்தூர்த் தெலுங்கில் நாயகன் பேசிய அப்படம் 2021 டிசம்பரில் திரையரங்குகளிலும் 2022 சனவரியில் அமேசான் பிரைமிலும் வெளியாயிற்று. வட்டாரப் பேச்சு தலைக்கு ஏறியதன்றோ எனலாம். ஆயின் பிறமொழிகளில் அது ஒலிமாற்றம் பெற்றபோது முதலில் உதிர்வது அப்பேச்சேயாம். தமிழில் கேட்பவருக்குத் தம் அண்டை வழக்கு எதிரொலிப்பதில்லை. நாயகனின் நடையும் தோளும்தான் எஞ்சுகின்றன.

கட்டணம் செலுத்திப் பார்த்தல்

சந்தாவின் தடையைக் கடக்கக் காட்சிக்குக் கட்டணம் என்னும் முறை கையாளப்பெற்றது. கேரள அரசு 2024 மார்ச் 7இல் தொடங்கிய ‘சிஸ்பேஸ்’ இதற்குத் தெளிவான சான்று. தொடக்கத்தில் 42 படைப்புகள் இடம்பெற்றன. ஒரு படத்திற்குக் கட்டணம் 75 ரூபாய். அதில் பாதி தயாரிப்பாளருக்கு உரியது. இம்முறையில் பார்ப்பவர் ஒவ்வொருவரும் எண்ணப்படுகின்றார். முன்னரே வேறு தளத்தில் சந்தா செலுத்தியவரா என்பது பொருட்டன்று. இது எல்லைத் தமிழ்ப் படத்திற்கு நேர்மையான அளவுகோல் எனலாம். எனினும் அதே 20 இலட்சத்தை மீட்க, வரிகளை விடுத்துப் பார்த்தாலும், 37 ரூபாய் 50 காசு வீதம் 53,334 காட்சிகள் வேண்டும். நேர்மையான அளவுகோல் எளிய அளவுகோலன்று.

பார்க்கும் நேரத்திற்கேற்பப் பணம் தரும் முறையும் உண்டு. அமேசானின் பிரைம் வீடியோ டைரக்ட் அவ்வழியில் எவரும் படைப்புகளை அனுப்ப இடந்தந்தது. 2021 பிப்ரவரியில் ஆவணப்படங்களையும் குறும்படங்களையும் அழைப்பின்றி ஏற்பதை அது நிறுத்தியது. வாலை நீட்டிய கதவே வாலை வெட்டியது.

சிறுதளம் வாலிலிருந்து ஒரு படத்தை உயர்த்தினாலும் பயன் அதனிடம் தங்குவதில்லை. சியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளச் சிறுதளமான நீஸ்ட்ரீமில் 2021 சனவரி 15இல் வெளியாகி நாடெங்கும் பேசப்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் அது அமேசான் பிரைமுக்கும் வந்தது. 2023இல் தமிழாக்கமும் வெளியாயிற்று. படைப்பாளி வென்றார், சிறுதளத்தின் தனியுடைமை மூன்று திங்களுக்குள் கரைந்தது. சிறுதளம் இடரை ஏற்றுச் சோதித்துக் காட்டிய பின்னர்ப் பெருந்தளம் இடரின்றி வாங்கிற்று.

பட்டியலில் ஒரு சொல்

படம் தளத்தில் இருத்தலும் அது கண்டெடுக்கப்படுதலும் வேறு. அட்டவணைப்படுத்தப்படாத ஓலைச்சுவடியின் நிலையைத் தமிழறிஞர்க்கு விளக்க வேண்டுவதில்லை. தளங்களின் விவரப்பட்டியல் பொதுவாக ஒரு படைப்பிற்கு ஒரு மூலமொழியையே ஏற்கின்றது. வட்டார வழக்கிற்கு அதில் இடமில்லை. தமிழும் தெலுங்கும் கலந்த எல்லைப் படம் தமிழெனக் குறிக்கப்பெற்றால் தெலுங்கில் தேடுவோர்க்குப் புலப்படாது. தெலுங்கெனக் குறித்தால் தமிழர்க்குப் புலப்படாது. ஒரு தளத்தின் வால் உயிருள்ளதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. படத்தின் பெயரை விடுத்து ஊரின் பெயராலோ வழக்கின் பெயராலோ தேடுக. அவ்வழி எதுவும் வாராவிடில், அப்படைப்பு பெயரறிந்தவருக்கு மட்டுமே உள்ளது; பெயரறிந்தவரோ முன்னரே அதன் பார்வையாளர்.

இக்குறை பணமின்றிக் களையத்தக்கது. கதைக்களம், பேச்சுவழக்கு, இரு மொழிகளின் வசனவரிகள் ஆகியவற்றைத் தயாரிப்பாளரே எழுதி, விவரப்பட்டியலுடன் ஒப்படைக்கலாம். எல்லை வழக்கைப் பிறழாமல் வசனவரியாக்கும் அறிவு தளத்தின் பணியாளரினும் இப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ், தெலுங்குத் துறையினரிடமே மிகுதி. உரிமக் காலம் முடிந்தபின் படம் தயாரிப்பாளரிடம் மீளும். ஆயின் தளம் தன் செலவில் ஆக்கிய வசனவரியும் ஒலிமாற்றமும் ஒப்பந்தத்தில் எழுதப்பெறாவிடில் மீளா. மீண்டும் வேறிடத்தில் வெளியிட முனைவோர் அச்செலவை இரண்டாம் முறையும் ஏற்க நேரும். 53,334 காட்சிகளை ஒரே ஆண்டில் எதிர்பாராது பத்தாண்டுகளில் எதிர்பார்க்கும் படத்திற்கு, ஒப்பந்தத்தின் அவ்வொரு வரி உரிமத்தொகையினும் பெறுமதி மிக்கதாகும்.