முதல் பிளேசருக்குத் தோளே அளவு

தையற்காரரால் பிளேசரின் கை நீளத்தைக் குறைக்க முடியும். தொளதொளவென்று நிற்கும் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கவும் முடியும். ஆனால் தோளைத் திருத்துவதென்றால், இரு கைகளையும் கழற்றி, காலரைப் பிரித்து, உள்ளிருக்கும் பேடை வெளியே எடுத்து, ஏறக்குறைய உடுப்பையே மறுபடியும் தைக்க நேருமாதலால், முதன்முதலாகப் பிளேசர் வாங்கும் இளைஞன் துணியையும் வர்ணத்தையும் பார்ப்பதற்கு முன்னால் தோளையே பார்க்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வங்கியொன்றின் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்த என் தங்கை மகனுக்காகச் சென்னைக் கடையொன்றில் இரண்டு கருநீலப் பிளேசர்களைப் பரீட்சித்துப் பார்த்தோம். ஒன்று பாலியெஸ்டர் கலப்புத் துணி. மற்றொன்று கம்பளிக் கலப்பு, விலை ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டாவதில் 42 அளவை அணிந்துகொண்டு, “மாமா, இதுதான் சௌகரியமா இருக்கு” என்றான். அவனைச் சுவரருகே பக்கவாட்டில் நிற்கச் சொல்லி மெல்லச் சாயச் செய்தபோது, புஜத்துக்கு முன்னால் பேட் சுவரில் முட்டி மடிந்தது. தோள் தையல் எலும்பின் விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் தொங்கியதே அதற்குக் காரணம். 40 அளவில் தையல் எலும்பு முடியும் இடத்திலேயே நின்றது. கையின் மேற்பகுதியில் பள்ளமும் விழவில்லை. அந்தப் பள்ளம் விழுந்திருந்தால் தோள் குறுகலென்று அறியலாம். பொத்தானைப் போட்டதும் இடுப்பில் மட்டும் பெருக்கற்குறி போன்ற சுருக்கம் தோன்றியது. அது பக்கத் தையலைப் பிரித்துவிட்டால் தீரக்கூடிய குறை.

பிரித்துவிடத் துணி உள்ளே மிச்சமிருக்கிறதா என்று காட்டியது லைனிங்தான். முதல் பிளேசரில் முழு லைனிங் தையல்களை எல்லாம் மூடியிருந்தது. இரண்டாவதில் முதுகின் மேற்பாதியிலும் கைகளிலும் மட்டுமே லைனிங் இருந்தபடியால், பக்கத் தையலில் மடித்து விட்டிருந்த ஏறக்குறைய ஓர் அங்குலத் துணி கண்ணுக்கே தெரிந்தது. பாதி லைனிங் நம் ஊர் உஷ்ணத்துக்கு உகந்தது. வியர்வையை ஏற்றுக்கொள்ளும் விஸ்கோஸாக இருப்பது இன்னும் விசேஷம். பாலியெஸ்டர் லைனிங் வழவழப்பாக இருப்பினும் காற்றை விடாமல் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. கையில் மட்டும் லைனிங் அவசியம். அது இல்லாவிட்டால் சட்டைக் கை சுருண்டு மேலேறும்.

மார்பின் உள்ளமைப்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். மேல் பொத்தானுக்குச் சற்று மேலே வெளித்துணியை ஒரு கையாலும் உட்புறத் துணியை மற்றொரு கையாலும் பற்றி மெதுவாக விலக்கினால், நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியே நழுவுவது புலனாகுமாயின் அது கான்வாஸ். அவ்வாறு எதுவும் நழுவாமல், வெளித்துணியே அட்டைபோல் விறைத்து நின்றால் அது பசையினால் ஒட்டிய ஃப்யூசிங். கம்பளிக் கலப்புப் பிளேசரில் மார்பில் மூன்றாவது அடுக்கு தெரிந்தது, பொத்தானுக்குக் கீழே தெரியவில்லை. ஆகவே அது பாதிக் கான்வாஸ். ரோமமும் நூலும் கலந்து நெய்து, தையலினால் பிணைத்த கான்வாஸ், அணிய அணிய மார்பின் வடிவத்துக்கு இணங்கிவிடும். ஃப்யூசிங் அவ்வாறு இணங்காது. அதிக உஷ்ணமான இஸ்திரியினாலோ, மழையில் நன்றாக நனைவதனாலோ பசை ஆங்காங்கே விட்டுப்போய், மார்பில் சிறு சிறு கொப்புளங்கள் எழும்பிவிட்டால், அவற்றை நிரந்தரமாகப் போக்குவது மிகக் கடினம். ஆயினும் கையில் பணம் குறைவாயிருக்கும் இளைஞன் தோள் பொருந்திய ஃப்யூசிங் பிளேசரையே தைரியமாக வாங்கலாம். தோள் பொருந்தாத கான்வாஸைவிட அது எவ்வளவோ மேல். அதைத் தண்ணீரில் நனைக்காமல், மேலே ஒரு துணியைப் போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி செய்து வந்தால் வெகுகாலம் உழைக்கும்.

பொத்தானைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பொன்னிறப் பித்தளைப் பொத்தான்கள் பிளேசருக்குப் பழைய சம்பிரதாயமே என்றாலும், வங்கியின் நேர்முகத் தேர்வுக்குக் கொம்பு நிறத்துக் கரும் பொத்தான்களே அடக்கமாக இருக்கும். பிடிக்காவிட்டால் தையற்காரர் குறைந்த செலவில் மாற்றிக் கொடுத்துவிடுவார். பொத்தான் துணியோடு ஒட்டிக் கிடக்காமல், அடியில் நூல் சுற்றிய சிறு கழுத்தின்மேல் நிற்கிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்; அந்தக் கழுத்து இல்லாவிட்டால் பூட்டியதும் காஜாவைச் சுற்றித் துணி சுருங்கும்.

40 அளவையே வாங்கி, பக்கங்களைப் பிரித்துவிடத் தையற்காரரிடம் கொடுத்தோம். பின்புற வெட்டை மூடியிருக்கும் வெள்ளைப் பெருக்கற்குறித் தையலையும், கைநுனியில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டையும் அணிவதற்கு முன் கத்தரித்துவிட வேண்டும் என்றும், இரண்டு பொத்தான்களில் கீழுள்ளதைப் பூட்டாமல் விட்டு, உட்காரும்போது மேலுள்ளதையும் கழற்றிவிட வேண்டும் என்றும் அவனிடம் சொல்லியனுப்பினேன்.