கம்பும் கறியும்: சைவக் குடும்பத்தின் இரும்புக் கணக்கு

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ராஜஸ்தானில் அது 54.4 விழுக்காடு. ராஜஸ்தானில் நான்கில் மூன்று பேர் சைவம். தமிழ்நாட்டில் சைவம் சாப்பிடுவோர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். மீன் இல்லாமல் சோறு இறங்காத மேற்கு வங்கத்தில் அது 71.4 விழுக்காடு. விரல் நுனி இரத்தத்தில் எடுத்த அளவுகள் என்பதாலும், எல்லா இரத்தசோகைக்கும் இரும்பு காரணமில்லை என்பதாலும் இந்த எண்களை அப்படியே சட்டமாக்க முடியாது. ஆனாலும் "கறி சாப்பிட்டால் இரத்தம் ஊறும், சைவம் என்றால் சோகைதான்" என்ற முடிவுக்கு இவை இடம் தரவில்லை.

சைவ உணவில் இரும்பு போதுமா என்ற கேள்வி வாலாஜாபாத் போன்ற ஊரில் நேரடியாக வந்து நிற்கிறது. இங்கிருந்து விடியற்காலையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் சைவக் குடும்பத்துப் பெண்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள் நான்கு: சிறுதானியம் சாப்பிடு, கீரை சாப்பிடு, வெல்லம் சேர்த்துக்கொள், இரும்புச் சட்டியில் சமை. இவற்றில் எது எவ்வளவு தாங்கும் என்பதை எடைபோட்டுத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் தேவை. மாதவிடாய் உள்ள ஒரு பெண்ணின் உடலுக்குள் சராசரியாக நாளொன்றுக்கு 1.2 மி.கி. இரும்பு போய்ச் சேர வேண்டும். உண்பதில் 8 விழுக்காடுதான் குடலில் உறிஞ்சப்படும் என்று வைத்துக்கொண்டு, சராசரித் தேவையாகத் தட்டில் 15 மி.கி. இருக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. இரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களையும் சேர்த்துப் பாதுகாப்பாகச் சொல்லும் அளவு 29 மி.கி. தட்டில் இருப்பது ஒரு கணக்கு, உடலில் சேர்வது வேறு கணக்கு. அறிவுரைகள் பெரும்பாலும் முதல் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

இறைச்சியின் பலம் இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. அதன் இரும்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஹீம் என்ற வடிவில் இருக்கிறது. அதில் நான்கில் ஒரு பங்கு உறிஞ்சப்படும். தேநீரோ தானிய உமியோ அதை அதிகம் தடுக்காது. கூடவே, அந்த வேளையில் உண்ட சோறு, பருப்பின் இரும்பையும் இறைச்சி சற்று இழுத்துக் கொடுக்கும். ஒரு மில்லிகிராமுக்கு ஒரு மில்லிகிராம் ஒப்பிட்டால் இறைச்சியே மேல். அதில் ஐயமில்லை.

ஆனால் யாரும் மில்லிகிராமைச் சாப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கும் வீட்டில் ஒருவருக்கு 100 கிராம் கிடைத்தால், அதில் இரும்பு சுமார் 2 மி.கி. உடலில் சேர்வது 0.3 மி.கி. வாரம் முழுக்கத் தேவை 8 மி.கி.க்கு மேல். கோழியில் இரும்பு அதில் பாதிதான். ஈரலைத் தவிர்த்துப் பார்த்தால், வாரம் ஒரு நாள் கறி என்ற நம் வழக்கத்தில் இறைச்சி இரும்பின் பங்கு மிகச் சிறியது. மற்ற ஆறு நாளும் அந்த வீட்டுப் பெண்ணும் சோற்றையும் குழம்பையும் நம்பித்தான் இருக்கிறாள். தமிழ்நாட்டின் எண்ணும் ராஜஸ்தானின் எண்ணும் அருகருகே நிற்பதற்கு இது முக்கியமான காரணம் என்பது என் வாதம்.

சைவத் தட்டுக்கு வருவோம். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு மறுபடி சோறு. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 0.65 மி.கி. இரும்புதான் இருக்கிறது. 300 கிராம் அரிசி, 40 கிராம் துவரம்பருப்பு, கொஞ்சம் உளுந்து, ஒரு பொரியல் எல்லாம் கூட்டினாலும் 6 மி.கி.யைச் சுற்றியே நிற்கும். 8 விழுக்காடு என்றால் உடலில் சேர்வது அரை மில்லிகிராம். பாதிகூட இல்லை. இந்தப் பள்ளத்தைச் சின்னச் சின்னச் சேர்க்கைகள் நிரப்பாது. அடிப்படைத் தானியமே மாற வேண்டும்.

"சிறுதானியம்" என்று மொத்தமாகச் சொல்வதில்தான் முதல் பிழை நேர்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் 6.4 மி.கி., கேழ்வரகில் 4.6, சோளத்தில் 4 மி.கி.க்குச் சற்றுக் குறைவு. சாமையில் வெறும் 1.3. பழைய அட்டவணையில் சாமைக்கு 9.3 என்று இருந்தது. பழைய எண்ணை நம்பிச் சாமை வாங்குபவருக்கு எதிர்பார்த்ததில் ஏழில் ஒரு பங்குதான் கிடைக்கும். கேழ்வரகுக்கும் ஒரு தடை உண்டு: அதன் செந்நிற மேல்தோலிலுள்ள துவர்ப்புப் பொருளும், அதன் பெருமையான கால்சியமும் இரும்பை உறிஞ்சவிடாமல் செய்கின்றன. எலும்புக்குக் கேழ்வரகு, இரும்புக்குக் கம்பு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கம்பிலும் ஃபைட்டேட் என்ற தடை இருக்கிறது. அது இரும்பைக் கட்டிப் பிடித்து வெளியேற்றிவிடும். இதற்கான வழி நம் பழக்கத்திலேயே உண்டு. இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காலையில் காய்ச்சும் கூழில் ஃபைட்டேட் குறைகிறது. தானியத்தை முளைகட்டினாலும் குறையும். உடனே கிண்டிய களியிலும், மாவில் சுட்ட பிஸ்கட்டிலும் அந்தப் பலன் இல்லை.

கீரையில் முருங்கையும் முளைக்கீரை வகைகளும் 100 கிராமுக்கு 4.5 மி.கி. அளவில் நிற்கின்றன. ஒருவர் தட்டில் 75 கிராம் பச்சைக்கீரைக்கு ஈடான பொரியல் விழுந்தால் 3 மி.கி.க்கு மேல் கிடைக்கும். நல்ல பங்குதான். ஒரு கரண்டி தொட்டுக்கொண்டால் கிடைக்காது. முருங்கைத் தூளில் பல மடங்கு இரும்பு என்ற விளம்பரம், நீர் வற்றிய தூளை நீருள்ள கீரையோடு ஒப்பிடும் கணக்கு. ஒரு தேக்கரண்டி தூள் சில கிராம்தான்.

வெல்லத்தை இந்தப் போட்டியிலிருந்தே விலக்கிவிடலாம். 100 கிராமுக்கு 4.6 மி.கி. என்பது உண்மை. காய்ச்சும் கொப்பரையைப் பொறுத்து அது கூடும், குறையும். ஆனால் ஒரு நாளில் உண்பது 20 கிராம். அதில் 1 மி.கி.கூட இல்லை. உடலில் சேர்வது 0.07 மி.கி. அளவு. கூடுதலாகச் சாப்பிட்டால் சேர்வது சர்க்கரை. பாயசத்துக்கு வெல்லம் போடுங்கள், இரத்தத்துக்காகப் போட வேண்டாம்.

இனி வைட்டமின் சி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அரிசி உணவோடு கொய்யா சேர்த்தபோது வளரிளம் வயதினரிடம் இரும்பு உறிஞ்சப்படுவது இரு மடங்குக்கும் மேலானது. ஆனால் மெக்சிகோவில் இரும்பு குறைந்த பெண்களுக்கு எட்டு மாதம், நாளுக்கு இருமுறை 25 மி.கி. வைட்டமின் சி உள்ள எலுமிச்சைச் சாறு கொடுத்த ஆய்வில் (2003) இரும்பு நிலை தேறவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு வேளை உணவில் உறிஞ்சுவது கூடுவது எளிது. அது மாதக்கணக்கில் சேமிப்பாக மாறுவதற்கு, அந்த உணவில் போதிய இரும்பும் இருக்க வேண்டும், சி-யின் அளவும் போதுமானதாக இருக்க வேண்டும்.

அளவைப் பார்ப்போம். ஃபைட்டேட் மிகுந்த உணவில் 1 மி.கி. இரும்புக்குச் சுமார் 12 மி.கி. வைட்டமின் சி தேவை. 80 கிராம் கம்பில் செய்த கூழில் இரும்பு 5 மி.கி. என்றால், சி 60 மி.கி. வேண்டும். அரை எலுமிச்சை பிழிந்தால் 10 மி.கி.யைத் தாண்டாது. ஒரு முழு நெல்லிக்காயிலோ அரைக் கொய்யாவிலோ தாராளமாகக் கிடைக்கும். அதுவும் பச்சையாக, அதே வேளையில். கொதிக்கும் குழம்பில் போட்டாலும் நாள்பட்ட ஊறுகாயானாலும் சி பெருமளவு அழிந்துவிடும்.

இவ்வளவு சேர்த்ததை ஒரு டம்ளர் தேநீர் கெடுத்துவிடும். பெங்களூரில் இளம்பெண்களிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், சோற்று உணவோடு குடித்த ஒரு கோப்பைத் தேநீர் இரும்பு உறிஞ்சுவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும். ஷிப்டில் டீ இடைவேளையைத் தள்ள முடியாது. ஆனால் கூழையும் சுண்டலையும் அந்த இடைவேளைக்கு அருகே வராதபடி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் இரும்புச் சட்டி. வட எத்தியோப்பியாவில் குழந்தைகளிடம் ஓராண்டு நடத்தி 1999-இல் வெளிவந்த ஆய்வில், இரும்புப் பாத்திரத்தில் சமைத்த வீடுகளில் ஹீமோகுளோபின் சராசரியாக 1.7 கிராம் கூடியது. அலுமினியப் பாத்திர வீடுகளில் 0.4தான். எல்லாச் சமையலுக்கும் இது பொருந்தாது. இரும்பு கரைவதற்குப் புளிப்பும் நீரும் நேரமும் வேண்டும். 1986-இல் அமெரிக்காவில் செய்த சோதனையில், தக்காளிச் சாறு அடிப்படையிலான குழம்பு இரும்புப் பாத்திரத்தில் 100 கிராமுக்கு 0.6-லிருந்து 5.8 மி.கி.யாக ஏறியது. நம் வீட்டில் அந்த இடத்தில் நிற்பது வத்தக்குழம்பு. புளிக்கரைசல் சட்டியில் கொதித்துச் சுண்டும்போது நிறம் கருக்கும், நாக்கில் லேசாக இரும்பு வாடை தட்டும். அதுதான் கரைந்ததற்கான அடையாளம். இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். எண்ணெய் ஏறிப் பளபளக்கும் பழைய தோசைக்கல்லில் சில நொடி வேகும் தோசைக்கு இதில் பங்கு மிகக் குறைவு. நான்ஸ்டிக், எனாமல் பூச்சுக்குப் பங்கே இல்லை. சட்டியில் கரையும் இரும்பும் செடி இரும்பைப் போலவே எளிதில் தடுக்கப்படுவது என்பதால் நெல்லிக்காயும் டீ விலக்கும் இதற்கும் வேண்டும். தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இப்போது தட்டை மறுபடி கூட்டுவோம். காலையில் புளித்த கம்பங்கூழ் 5 மி.கி., மதியம் முருங்கைக்கீரை 3.4, பருப்பு 1.6, நாள் முழுவதற்குமான 150 கிராம் அரிசி 1, மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 3.4, காய்கறி 1. மொத்தம் சுமார் 15 மி.கி. ஃபைட்டேட்டும் டீயும் சேர்ந்து உறிஞ்சுவதை 5 விழுக்காட்டுக்கு இறக்கினால் உடலில் சேர்வது 0.75. போதாது. கொய்யா, நெல்லியோடு 10 விழுக்காடானால் 1.5. தேவையைத் தாண்டிவிட்டது. இரும்புச் சட்டிக் குழம்பு அதற்கு மேல் ஒரு காப்பு.

ஆகவே தீர்ப்பு இது. தரத்தில் இறைச்சி இரும்பு மேல். நம் வீடுகளில் உண்ணும் அளவில் அது தீர்மானிக்கும் சக்தியாக இல்லை. கம்பும் பயறும் கீரையும் அடித்தளமாக, பச்சையாக உண்ணும் நெல்லியும் கொய்யாவும் துணையாக, டீ தள்ளி நின்றால் சைவக் குடும்பம் சராசரித் தேவையை எட்ட முடியும். வெல்லம் எட்டவைக்காது, சாமை எட்டவைக்காது, எலுமிச்சைத் துளி எட்டவைக்காது.

சராசரித் தேவை என்று சொல்வதிலேயே எல்லையும் இருக்கிறது. மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு உள்ள பெண்ணுக்கு இந்தத் தட்டு போதாது. கர்ப்பிணிக்கும் போதாது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இறங்கியவர் ஃபெரிட்டின் சோதனையும் செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காரணம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். 60 மி.கி. இரும்புள்ள மாத்திரை ஒன்று செய்வதை எந்தக் கூழும் அத்தனை விரைவில் செய்யாது. மாத்திரை பள்ளத்தை நிரப்பும். மறுபடி பள்ளம் விழாமல் காப்பது தட்டின் வேலை. மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்த்தால், தட்டு அந்த வேலையைச் செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.