அடுப்படி அம்மாவும் அலுவலக அப்பாவும்

“அம்மா வீட்டில் இருக்கிறாள், அப்பா அலுவலகம் செல்கிறார்.” தொடக்கப்பள்ளி ஏடுகளில் நெடுங்காலமாக உலவிவரும் வாக்கிய வகை இது. இரண்டே வரிதான், எனினும் எத்தனை பேதம் இதனுள்ளே! ஆணுக்கு ‘ஆர்’ விகுதி, பெண்ணுக்கு ‘ஆள்’ விகுதி. அவர் செல்கிறார், அவளோ ‘இருக்கிறாள்’! சோறு வடித்து, துணி துவைத்து, நீர் சுமந்தவள் செயலற்று இருந்தாளாம்!

கும்மிடிப்பூண்டிச் சிறுவன் இவ்வரியைப் படிப்பதாகக் கொள்வோம். அவன் தந்தை செல்வது அலுவலகத்துக்கா? இரும்பாலையின் உலைக்கூடத்துக்கு, இரவு ஷிப்டுக்கு! தாயும் தொழிற்சாலைக்கோ செங்கற்சூளைக்கோ சென்று திரும்பி, அதன் பின்னரே அடுப்பை மூட்டுகிறாள். ஆகவே அந்த ஏடு தாயின் கூலி உழைப்பை மறைக்கிறது. தந்தையின் வியர்வையையும் மறைக்கிறது.

“உள்ளதைத்தானே காட்டினோம், பெண்கள்தாமே சமைக்கின்றனர்?” என்பர் சிலர். உண்மைதான். 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் செலவிட்டனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! அதை உழைப்பென்று ஏடு சொல்லிற்றா? அது தாயின் இயல்பு என்றல்லவா புன்னகை பூத்த படம் போட்டது!

கேரளம் 2024இல் தன் மூன்றாம் வகுப்பு மலையாள நூலில், தந்தை தேங்காய் துருவும் படத்தை வைத்தது. நல்ல மாற்றம். ஆனால் படம் மாறினால் மட்டும் வழக்கம் மாறிவிடாது; படத்தை வினவும் பழக்கமும் வேண்டும். புதிய நூல் வரும்வரை ஆசிரியர் காத்திருக்கவும் தேவையில்லை. பழைய பாடமே போதும்.

கரும்பலகையில் மூன்று கட்டம் வரையட்டும்: யார், எங்கே, என்ன செய்கிறார். பாடத்தின் ஒவ்வொரு படத்தையும் வாக்கியத்தையும் மாணவரே அதில் நிரப்பட்டும். பெண்களின் பக்கத்தில் ஒன்றிரண்டு வினைச்சொற்களே திரும்பத் திரும்ப வருமாயின், சாய்வு தானே கண்ணுக்குப் புலப்படும். அடுத்து, விடியல் நான்கு மணி முதல் இரவு பத்து வரை தம் தெருவில் யார் யார் என்னென்ன வேலை செய்கின்றனர் என எழுதட்டும். இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்தால், ஏடு விட்டுவிட்டவை எவை என்பது விளங்கும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. “உன் அப்பா வீட்டில் என்ன செய்கிறார்?” என்று வகுப்பின் நடுவே கேட்கலாகாது. தந்தையை இழந்த பிள்ளையும், குடியால் சிதைந்த வீட்டுப் பிள்ளையும் அங்கே தலைகுனியக்கூடும். தெருவைக் கேட்டால் போதும், பெயர் வேண்டாம். சமைக்கும் தாயை இழிவென்று எண்ணவும் விடலாகாது. இழிவு சமையலில் இல்லை. அது ஒருத்திக்கு மட்டுமே விதிக்கப்பட்டதில் இருக்கிறது.

இறுதியாக, அந்த இரண்டு வரியையும் மாணவரே திருத்தி எழுதட்டும். “அம்மா சூளையிலிருந்து வந்து சமைக்கிறார், அப்பா உலையிலிருந்து வந்து பாத்திரம் துலக்குகிறார்” என்று ஒரு சிறுமி எழுதினால், விகுதியும் வினையும் ஒருங்கே நேராகிவிட்டதை ஆசிரியர் சுட்டிக்காட்டலாம். இரண்டாவது வரி தன் வீட்டில் மெய்யா என்று அவள் வீடு சென்று பார்த்துக்கொள்வாள்.