நீல டிக் எதற்குச் சாட்சி?

"கம்பெனி பக்கம் அசலா போலியான்னு தெரியணுமா? நீல டிக் இருக்கான்னு பாருங்க." வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் எச்சரிக்கைகளில் இந்த வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. இந்த அறிவுரை அரைகுறையானது என்பது என் கட்சி. ஏன் என்று ஒரு பழைய கேஸை வைத்துச் சொல்கிறேன்.

2022 நவம்பர் 9 அன்று ட்விட்டர் மாதம் 8 டாலர் கட்டுபவர்களுக்கு நீல டிக் கொடுக்க ஆரம்பித்தது. 2009-லிருந்து அந்த டிக்குக்கு, 'இவர் யார் என்று நாங்கள் பார்த்துவிட்டோம்' என்று பொருள். இப்போது 'இவர் பணம் கட்டியிருக்கிறார்' என்று பொருள் மாறியது. ஆனால் படம் மாறவில்லை, அதே நீல டிக்தான். மறுநாளே @EliLillyandCo என்ற கணக்கு, எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் லோகோவோடும் டிக்கோடும், இனி இன்சுலின் இலவசம் என்று அறிவித்தது. பல மணி நேரம் அது அப்படியே இருந்தது. அமெரிக்காவில் இன்சுலின் விலை எவ்வளவு பெரிய பிரச்சனை என்று தெரிந்தவர்களுக்கு, அதைப் படித்தவர்கள் எப்படித் துள்ளியிருப்பார்கள் என்பதும் புரியும். உண்மையான நிறுவனம் வந்து மன்னிப்புக் கேட்டு, எங்கள் கணக்கு @LillyPad என்று சொல்ல வேண்டியதாயிற்று. நவம்பர் 11-ல் ட்விட்டர் அந்தத் திட்டத்தையே நிறுத்தி வைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் அந்த இரண்டு பெயர்கள். டிக்கை மறந்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எது அசல் மாதிரி இருக்கு? போலிதான்! நிறுவனத்தின் முழுப் பெயர் அதில் இருக்கிறது. அசல் கணக்கின் பெயரோ ஏதோ விளையாட்டுப் பெயர் போல இருக்கிறது. அதாவது பெயர், லோகோ, டிக் என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கும் எதை வைத்துப் பார்த்தாலும் போலிதான் ஜெயிக்கும். எழுத்துப் பிழையைத் தேடு, ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார் என்பதெல்லாம் சோம்பேறித் திருடனை மட்டும்தான் பிடிக்கும்.

சரி, அப்போ என்னதான் செய்வது? திசையை மாற்ற வேண்டும். கணக்கிலிருந்து நிறுவனத்துக்குப் போகாமல், நிறுவனத்திலிருந்து கணக்குக்கு வர வேண்டும். அன்று ஒருவர் lilly.com என்று தானே டைப் செய்து, அந்தத் தளத்தில் இருக்கும் ட்விட்டர் இணைப்பை அழுத்தியிருந்தால், அது @LillyPad-க்குத்தான் போயிருக்க வேண்டும். இலவச இன்சுலின் செய்தி அங்கே இல்லை. கதை முடிந்தது. கணக்கின் பயோவில் lilly.com என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் lilly.com-க்குள் அவர்களால் எழுத முடியாது. அந்தத் தள முகவரியையும் தேடல் விளம்பரத்திலிருந்து எடுக்காதீங்க. மருந்து டப்பா, பழைய பில், கார்டின் பின்புறம் என்று ஏற்கெனவே கையில் இருப்பதிலிருந்து எடுங்க.

வாட்ஸ்அப்புக்கும் இதே வழிதான். பெயரும் படமும் அனுப்புகிறவர் வைத்துக்கொள்வது. 'பிசினஸ் அக்கவுன்ட்' என்று வந்தால், அவர் அந்த ஆப்பை டவுன்லோட் செய்திருக்கிறார் என்பதைத் தாண்டி அதற்குப் பொருள் இல்லை. ப்ரொஃபைல் படத்துக்குள்ளேயே டிக் வரைந்து வைப்பவர்களும் உண்டு. வாட்ஸ்அப் கொடுக்கும் டிக் பெயருக்குப் பக்கத்தில் வரும், படத்துக்குள் வராது. வந்த மெசேஜுக்குப் பதில் போடாமல், நிறுவனத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே புதிதாக மெசேஜ் அனுப்புங்க.

ப்ளூஸ்கை இதைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. அங்கே டொமைன் பெயரையே கணக்குப் பெயராக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த டொமைனின் சொந்தக்காரர் அங்கே ஒரு பதிவு போட்டாக வேண்டும். டிஎன்எஸ் வழியாகப் போட்டிருந்தால் நீங்களே பார்க்கலாம்:

```
dig +short TXT _atproto.example.com
```

ஆனால் இது சொல்வது, கணக்கும் டொமைனும் ஒரே கையில் இருக்கின்றன என்பதை மட்டும்தான். டொமைனே போலியாக இருந்தால் கணக்கும் போலிதான்.

என் முறையிலும் ஓட்டைகள் உண்டு. நிறுவனம் கணக்குப் பெயரை மாற்றிவிட்டு, தளத்தில் பழைய இணைப்பை எடுக்க மறந்தால், கைவிட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு உட்காரலாம். இணைப்பு போய்ச் சேரும் பக்கத்தில் பழைய பதிவுகளும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. 2020 ஜூலை 15 அன்று ஆப்பிள், ஊபர் ஆகியவற்றின் அசல் ட்விட்டர் கணக்குகளிலிருந்தே பிட்காயின் மோசடிப் பதிவுகள் வந்தன. கணக்கு அவர்களுடையது, செய்தி அவர்களுடையது அல்ல. அதனால் பணமோ ஓடிபியோ கேட்கும் செய்தி என்றால், கணக்கு அசல் என்று உறுதியான பிறகும், வேறொரு வழியில் ஒரு தடவை கேட்டுவிடுங்க.

டிக் எல்லாம் இந்த வேலையைச் செய்து முடித்த பிறகு பார்க்க வேண்டியது.