ஒரு குறியும் நீண்டுபோன இழையும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் முதலாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர், முல்லைத்தீவில் தமக்கு இணைந்த கணிதம் படிப்பித்த ஆசிரியருக்கு எழுதிய இரண்டு பக்கக் கடிதம் இப்போது வன்னிக் கணித ஆசிரியர்கள் பலரிடம் கைமாறி வருகிறது. வகுப்பில் கொடுத்த கப்பிக் கணக்கொன்றின் விடையில் ஒரு குறி பிழை என்று காட்டும் கடிதம். ஆசிரியர் அதை ஒளித்து வைக்கவில்லை. தாமே போட்டோப் பிரதி எடுத்து இவ்வருட வகுப்புக்குக் கொடுத்திருக்கிறார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பிரதியின் அடியில் "செய்முறை சரி, ஒரு குறி மட்டும் மாறிவிட்டது" என்று ஒரு வரி எழுதிச் சேர்த்திருக்கிறார். அந்த வரியை ஏற்க முடியாது.

கணக்கு எல்லோருக்கும் பழகியதுதான். நிலைத்த ஒப்பமான கப்பி ஒன்றின் மேலாகச் செல்லும் இலேசான நீளா இழையின் ஒரு முனையில் 4 kg திணிவுள்ள P. மறுமுனையில் B என்ற இலேசான ஒப்பமான கப்பி. B-இன் மேலாகச் செல்லும் அதேபோன்ற இன்னோர் இழையின் முனைகளில் 3 kg திணிவுள்ள Q, 1 kg திணிவுள்ள R. ஓய்விலிருந்து விடப்பட்டால் ஆர்முடுகல்கள் என்ன, இழைகளின் இழுவைகள் என்ன?

இரு பக்கமும் நாலு நாலு கிலோ என்று பார்த்து, P அசையாது என்று சொல்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. P கீழேதான் போகும். Q இறங்கவும் R ஏறவும் விடப்பட்டிருப்பதால் B-ஐ இழுக்கும் இழையின் இழுவை 4g-ஐவிடக் குறைந்துவிடுகிறது. இந்த இடறலைத் தாண்டிப் போவதால்தான் இது நல்ல கணக்கு.

வகுப்பில் கொடுத்த விடை P-க்குக் கீழ்நோக்கி a என்றும், B-ஐச் சார்ந்து Q கீழே f, R மேலே f என்றும் எடுத்துக்கொள்கிறது. மேல் இழையின் இழுவை T, கீழ் இழையின் இழுவை S. பிறகு நாலு வரிகள்:

4g − T = 4a
T = 2S
3g − S = 3(f + a)
S − g = f + a

இவற்றைத் தீர்த்தால் a = g/4, f = g/4, S = 3g/2, T = 3g. எல்லாம் நேர்ப் பெறுமானங்கள், எல்லாம் அழகான பின்னங்கள், எந்த ஆர்முடுகலும் g-ஐ மிஞ்சவில்லை. பரீட்சை மண்டபத்தில் இந்த விடை வந்தால் எந்த மாணவரும் கீழே கோடிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்.

மாணவி போகவில்லை. முதலாம் ஆண்டில் இயக்கவியலை மறுபடி படிக்கும்போது பழைய கொப்பியை எடுத்துப் பார்த்திருக்கிறார். S = 3g/2 அவர் கண்ணில் தட்டுப்பட்டது. B சுவரில் அறைந்த கப்பியாக இருந்தாலும் 3 kg-க்கும் 1 kg-க்கும் இடையிலுள்ள இழுவை அதே 3g/2 தான். "B மேலே ஆர்முடுகும்போதும் நிற்கும்போதும் ஒரே இழுவை எப்படி வரும், சேர்?" என்று கேட்கிறார். கடிதத்தின் மிகச் சிறந்த வரி இதுதான். தொடர்ந்து, B மேலே போவதால் Q இறங்கும் ஆர்முடுகல் குறைய வேண்டும், ஆகவே மூன்றாம் வரியில் f + a அல்ல, f − a என்று திருத்தி, a = g/7, f = 4g/7, S = 12g/7, T = 24g/7 என்று சரியான விடையைப் பெறுகிறார். மரியாதையான, தெளிவான, ஒரு வரிகூட மிகையில்லாத கடிதம். முதலாம் ஆண்டில் இப்படி எழுதக்கூடியவர்கள் குறைவு.

ஆனால் கடிதம் முடிகிற இடத்தில் "ஒரு குறிதான் சேர், மற்றதெல்லாம் சரி" என்று வருகிறது. ஆசிரியரின் அடிக்குறிப்பும் அதைத்தான் எதிரொலிக்கிறது. இருவரும் சறுக்கியது இங்கேதான்.

பிழையான விடையை வார்த்தைக்கு வார்த்தை நம்பி, P 70 cm இறங்கும்வரை காத்திருப்போம். அந்த விடைப்படி B 70 cm ஏறும். Q-இன் ஆர்முடுகல் g/2 என்பதால் Q 140 cm இறங்கும். R 140 cm ஏறும். இப்போது கீழ் இழையை அளந்து பார்க்கலாம். B-இலிருந்து Q வரையான துண்டு 210 cm நீண்டிருக்கிறது. B-இலிருந்து R வரையான துண்டு 70 cm தான் குறைந்திருக்கிறது. ஒரு செக்கனுக்குள் இழை 140 cm வளர்ந்துவிட்டது! "நீளா இழை" என்று வினாவின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது. அந்த நிபந்தனை விடையில் எங்கும் இல்லை. இல்லாத ஒன்றைக் குறி மாறியதாக எப்படிச் சொல்வது?

மூன்றாம் நான்காம் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடந்தது விளங்கும். R-இன் வரியில் f-உடன் a கூட்டப்பட்டிருக்கிறது. அதாவது B மேலே போகிறது. Q-இன் வரியிலும் f-உடன் a கூட்டப்பட்டிருக்கிறது; அதாவது B கீழே போகிறது. ஒரே கப்பி, அடுத்தடுத்த இரண்டு வரிகளில், இரண்டு திசைகளில். B எப்படி அசைகிறது என்று ஒரு தடவை எழுதி வைத்துவிட்டு இரண்டு வரிகளுக்கும் அதையே எடுத்திருந்தால் இது நடந்திருக்கவே முடியாது. எழுதவில்லை. ஒவ்வொரு துணிக்கைக்கும் படத்தில் இரட்டை அம்புக்குறி போட்டு, அம்பைப் பார்த்துக் கண்மதிப்பில் கூட்டல் கழித்தல் தீர்மானிக்கப்பட்டது. வவுனியா முதல் புதுக்குடியிருப்பு வரை ரியூட்டரிகளில் கப்பிக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது.

இந்த அம்புக்குறிப் பழக்கத்துக்குத் தகுதியே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஒரு நிலைத்த கப்பி, இரண்டு துணிக்கைகள் என்றால் அதைவிட விரைவான வழி கிடையாது. அம்பு தலைகீழாக இருந்தாலும் மறைப் பெறுமானம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் ஒரு வினாவுக்கு 150 புள்ளி, அது ஐந்தைந்தாகப் பிரிந்து சமன்பாடுகளுக்குப் போகிறது என்னும்போது, சமன்பாட்டைச் சட்டென்று எழுதப் பழக்குவதையும் விளங்கிக்கொள்ளலாம்.

அசையும் கப்பி வந்தவுடன் கதை மாறுகிறது. அங்கே மறைப் பெறுமானம் வந்து எச்சரிக்காது. அம்பு தலைகீழாக இருப்பது வேறு, இரண்டு அம்புகள் ஒன்றையொன்று மறுப்பது வேறு. முதலாவதை இயற்கணிதம் திருத்தும். இரண்டாவதை அது அப்படியே விழுங்கிவிடும். அதிலும் வேதனை, பிழை பாதியாக இருக்கும்போதுதான் கண்டுபிடிப்பது கடினம். Q, R இரண்டின் வரிகளிலும் B கீழே போவதாக எடுத்து f + a, f − a என்று எழுதிப் பாருங்கள். a = g, f = 0, இரண்டு இழுவைகளும் பூச்சியம் என்று வரும். எல்லாமே சுயாதீனமாக விழுகின்றன! திணிவுகளை மாற்றினாலும் பெரும்பாலும் இதே விடைதான். P-யும் B-யும் சேர்ந்தே இறங்கலாம் என்று அனுமதித்துவிட்டால் இழைகளுக்கு வேலையே இல்லை. இந்தப் பிழையைச் சின்னப் பிள்ளையும் பிடித்துவிடும். ஒரு வரியில் மட்டும் பிழைத்த விடையோ g/4 என்ற நம்பத்தகுந்த முகத்தோடு கொப்பியிலிருந்து கொப்பிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மாணவியின் திருத்தமும் இதே கண்மதிப்பில்தான் நிற்கிறது என்பதே கடிதத்தின் பெரிய குறை. "B மேலே போவதால் Q மெதுவாக இறங்கும்" என்பது உண்மை. ஆனால் அவர் சரியாக ஊகித்தார், ஆசிரியர் பிழையாக ஊகித்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அடுத்த கணக்கில் இருவரும் இடம் மாறலாம். ஆப்பின் மேல் சறுக்கும் துணிக்கை என்றால் இதே வகுப்புகளில் துணிக்கை ஆப்பைச் சார்ந்து, ஆப்பு புவியைச் சார்ந்து என்று இரண்டையும் தனித்தனியே எழுதிக் காவிகளாகக் கூட்டாமல் ஒருவரும் அடுத்த வரிக்குப் போவதில்லை. கப்பி என்றவுடன் அந்த ஒழுங்கு எங்கே போகிறது? கப்பியும் நகரும் ஒரு பொருள்தான்.

செய்யவேண்டியது இரண்டு வரி வேலை. எல்லா ஆர்முடுகல்களையும் கீழ்நோக்கி நேராக எடுத்து p, b, q, r என்று குறியுங்கள். மேல் இழை நீளாது: p + b = 0. கீழ் இழையில் Q-வும் R-உம் B-இலிருந்து இருக்கும் தூரங்களின் கூட்டுத்தொகை மாறாது; அதை இருமுறை வகையிட்டால் q + r = 2b. இரண்டையும் சேர்த்தால் 2p + q + r = 0. இதற்கு யார் எந்தப் பக்கம் போவார் என்ற ஊகம் எதுவும் தேவைப்படவில்லை. பிறகு நியூட்டனின் விதி மூன்று துணிக்கைகளுக்கும் ஒரே திசையில்: p = g − S/2, q = g − S/3, r = g − S. கட்டுப்பாட்டில் பிரதியிட்டால் 4g − 7S/3 = 0, ஆகவே S = 12g/7. மாணவி ஒரு பக்கத்தில் பெற்ற விடை ஐந்தாறு வரியில் வந்துவிடுகிறது. சரிபார்ப்பும் கையோடு இருக்கிறது. p = g/7, q = 3g/7, r = −5g/7; இரண்டு பங்கு p-யுடன் மற்ற இரண்டையும் கூட்டினால் பூச்சியம். பிழையான விடையை இதே சோதனையில் போட்டால் g/2 மிஞ்சும். நீண்டுபோன இழை அந்த g/2-வில் இருக்கிறது.

"இதெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு, உயர்தரப் பிள்ளைக்கு நேரம் இல்லை" என்ற பதில் வழமையாக வரும். ஆனால் இது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. வகையிடல் தெரியாத உயர்தர மாணவர் யாரும் இல்லை. வேறு ஒரு நியாயமும் உண்டு: g/4-ஐயும் g/7-ஐயும் வேறுபடுத்திக் காட்ட ஆய்வுகூடமே போதும். ஜோர்ஜ் அட்வூட் 1784-இல் வெளியிட்ட நூலில் விவரித்த பொறி இந்த வகை அளவீட்டுக்கே அமைந்தது. 400 g, 300 g, 100 g திணிவுகளும் இரண்டு இலேசான கப்பிகளும் இருந்தால் P 70 cm இறங்க ஒரு செக்கன் எடுக்க வேண்டும். கொப்பியிலுள்ள விடை முக்கால் செக்கன் என்கிறது. உராய்வும் கப்பியின் திணிவும் நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. கைப்பேசியில் படம் பிடித்தாலே போதும், எந்த விடை பொய் என்று வகுப்பு முழுவதும் பார்த்துவிடும்.

அந்த ஆசிரியர் அடுத்த பிரதியில் தமது அடிக்குறிப்பை எடுத்துவிட்டு, வேறொரு கணக்கை அங்கே சேர்க்கலாம். P 8 kg, Q 2 kg, R 1 kg. Q-வுக்கு அம்பு போடச் சொல்லுங்கள். 2 kg, 1 kg-ஐவிடக் கனம் என்பதால் ஒரு பாதி கீழே போடும். P-யின் எட்டு கிலோவைப் பார்த்து மறுபாதி மேலே போடும். 2p + q + r = 0 என்று தொடங்கியவருக்கு S = 2g என்று வரும்; q = 0. P அரைவாசி g-யோடு இறங்க, R முழு g-யோடு ஏற, Q விட்ட இடத்திலேயே தொங்கும். P-யை 12 kg ஆக்கினால் Q g/11 ஆர்முடுகலோடு மேலே போகத் தொடங்கும்.