இனிப்புப் பெட்டிக்குள் விலைப்பட்டியல்

புரட்டாசி பிறந்ததும் கோயம்புத்தூர் அவிநாசி சாலை ஹோட்டல்களின் விற்பனைப் பிரிவில் ஒரு கடிதம் தயாராகத் தொடங்கும். ஆண்டு முழுக்க அறை எடுக்கும் கம்பெனிகளுக்கான தீபாவளி வாழ்த்து அது. பின்னாலேயே ஒரு கிஃப்ட் ஹாம்பரும் போகும். சென்னை ஹோட்டல்களின் கடிதத்தை எடுத்துப் பார்த்தாலும் அச்சு ஒன்றுதான். முதல் பத்தியில் விளக்கு, ஒளி, வளம். இரண்டாவதில் ‘தாங்கள் தொடர்ந்து அளித்துவரும் ஆதரவுக்கு நன்றி’. மூன்றாவதில் குரல் மாறிவிடும்: உங்கள் ஊழியர்களுக்குத் தர எங்களிடம் மூன்று வகை ஹாம்பர்கள் உள்ளன, ஐம்பது பெட்டிக்கு மேல் எடுத்தால் தள்ளுபடி உண்டு, இந்தத் தேதிக்குள் ஆர்டர் தரவும். கீழே ஜெனரல் மேனேஜர் கையெழுத்து.

வாழ்த்துவது ஒரு வேலை, விற்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே தாளில் செய்யப் போய், இரண்டுமே அரைகுறையாகின்றன என்பதுதான் இந்த வழக்கத்தின் மேல் என் முதன்மையான குறை. ஆனால் வழக்கமே வீண் என்று தள்ளிவிட மாட்டேன்.

கம்பெனிக்கும் ஹோட்டலுக்கும் இடையே இருப்பது ‘கார்ப்பரேட் ரேட்’ என்கிற ஓர் ஒப்பந்தம். ஆண்டுக்கு இத்தனை ரூம் நைட் தருவோம், அதற்கு இந்த வாடகை என்று பேசி முடிப்பார்கள். ஒப்பந்தம் ஒரே ஹோட்டலோடு நிற்பதில்லை. பக்கத்திலேயே மூன்று ஹோட்டல்களோடு கிட்டத்தட்ட அதே வாடகைக்கு ஒப்பந்தம் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ‘நாளைக்கு நாலு ரூம் வேண்டும்’ என்று வந்தால் எந்த ஹோட்டலுக்கு முதலில் போன் போகும் என்பதைத் தீர்மானிப்பவர் டிராவல் டெஸ்க்கில் இருப்பவரோ, அட்மின் பிரிவுக்காரரோதான். ஆண்டு முழுக்க அவருக்கு ஹோட்டலிலிருந்து வருவது பில்லும் பாக்கி நினைவூட்டலும். ஒரு முறையாவது கேட்பதற்கு எதுவும் இல்லாமல் ஒரு கடிதம் வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அதிலும் ஹோட்டலுக்குச் சொந்தச் சமையலறை இருக்கிறது. தன் சமையல்காரர் சுற்றிய முறுக்கையும் கிண்டிய தீபாவளி லேகியத்தையும் அனுப்ப முடிகிற இடம், கடையில் வாங்கிய சாக்லேட்டுக்கு ரிப்பன் கட்டி அனுப்புவது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இந்தப் பலத்தையும் பெரும்பாலான கடிதங்கள் கோட்டை விடுகின்றன. பெட்டி போய்ச் சேருவது நிர்வாக இயக்குநரின் அறைக்கு. அங்கே அதுபோல் இன்னும் முப்பது பெட்டிகள் கிடக்கும். அறை போடுகிற கைக்கு ஒரு வாட்ஸ்அப் படம் மட்டும் வரும். நல்ல கடிதத்துக்கு அடையாளம், வேறு கம்பெனிக்கு மாற்றி அனுப்ப முடியாத ஒரு வரியாவது அதில் இருப்பது: ‘மார்ச்சில் உங்கள் ஆடிட்டர்கள் தங்கியபோது காலை உணவை ஐந்தரைக்கே தரச் சொன்னீர்கள், இப்போது அதைத் தினமும் தருகிறோம்’ என்பது மாதிரி. பெயர் மட்டும் மாறுகிற கடிதத்தை வாங்குபவர் உடனே கண்டுகொள்வார்.

அடுத்த சிக்கல் நேரம். புத்தாண்டுக்கான வாடகையைப் பல கம்பெனிகள் பேசி முடிப்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். மேற்கோள் கேட்டு மெயில் போன அதே வாரத்தில் ஹாம்பர் வந்து இறங்கினால் கொள்முதல் அதிகாரி என்ன செய்வார்? ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போது அந்தத் தரப்பிடமிருந்து பரிசு வாங்கக்கூடாது என்று விதி வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. பெட்டி செக்யூரிட்டி மேசையிலிருந்தே திரும்பும், அல்லது பொது மேசையில் பிரித்து வைக்கப்படும். தவறு பெட்டியில் இல்லை. அதோடு ஒட்டி வந்த ‘2026-ஆம் ஆண்டுக்கான சிறப்பு வாடகை’ என்கிற தாளில்தான். அந்தத் தாள் ஒன்று போதும், நன்றி தூண்டிலாகிவிடும்.

பெட்டிக்குள் இருப்பதற்கும் நாள்கணக்கு உண்டு. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. ஐந்து நாள் வேலை வாரம் உள்ள அலுவலகங்களுக்குக் கடைசி நாள் 17, வெள்ளி. நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஊர் முழுக்கக் கொடுத்து முடிக்க 15, 16 தேதிகளாவது வேண்டும். அப்படியானால் இனிப்பு தயாராவது 13, 14-இல். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலில் கோவா இனிப்புக்கும் லட்டுக்கும் 4 நாள், நெய்யும் உலர்பழ, கொட்டை வகைகளும் சேர்ந்த இனிப்புக்கு 7 நாள் என்று தோராயக் கணக்கு இருக்கிறது. 13-ஆம் தேதி செய்த பால்கோவா 17-ஆம் தேதியோடு சரி. வெள்ளி மாலை வீட்டுக்கு எடுத்துப்போய் தீபாவளி காலையில் பிரிப்பவருக்குக் கிடைப்பது புளித்த வாடைதான். நெய் இனிப்புகூட அன்றைக்குத்தான் ஏழாவது நாளைத் தொடும். கம்பெனிப் பெட்டிக்கு ஏற்றது நெய் இனிப்பும் லேகியமும் முறுக்கும் மிக்சரும்தான். கோவா இனிப்பு கூடாது. செய்த தேதியும் எதை முதலில் சாப்பிட வேண்டும் என்பதும் கடிதத்தில் ஒரு வரியாக இருக்கலாம். ஒளித் திருநாள் பத்தியை எடுத்துவிட்டால் அதற்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

மூன்றாவது பத்தியின் விற்பனைக்கு வருவோம். பரிசையும் விற்பனையையும் கடிதம் கலந்தாலும் ஜிஎஸ்டி சட்டம் கலப்பதில்லை. இலவசமாகத் தரும் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அது ஹோட்டலின் செலவு. விற்றால் கணக்கு வேறு. பல பொருள்களை ஒரே விலைக்குச் சேர்த்து விற்பது ‘கலப்பு வழங்கல்’. உள்ளே இருப்பவற்றில் எதற்கு வரி அதிகமோ அந்த வீதமே முழுப் பெட்டிக்கும். இதற்குச் சட்டமே தரும் உதாரணம் இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம், குளிர்பானம் எல்லாம் அடங்கிய பொட்டலம்தான். ஹாம்பரை மனத்தில் வைத்தே எழுதியிருப்பார்கள் போல.

வரி நீங்கலாக ரூ.1,500 என்று கடிதத்தில் போட்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்புக்கும் சாக்லேட்டுக்கும் 5%, கேஸ் நிரப்பிய பானங்களுக்கு 40%. இனிப்பும் சாக்லேட்டும் மட்டும் என்றால் பில் ரூ.1,575. அழகுக்காக ஷாம்பெயின் மாதிரித் தோன்றும், கேஸ் நிரப்பிய திராட்சை ரச பாட்டில் ஒன்றை நடுவில் நிறுத்தினால் ரூ.2,100. நூறு பெட்டிக்கு ரூ.52,500 வித்தியாசம். பரிசாகத் தருவதால் வாங்கிய கம்பெனிக்கும் அந்த வரி திரும்பி வராது. ‘வரி தனி’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, பில்லில் இதைக் காட்டும் ஹோட்டலிடம் அக்கவுண்ட்ஸ்காரர் மறு வருடம் ஆர்டர் தருவாரா? பாட்டிலைத் தனி விலைக்குத் தனியாக விற்றிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

இலவசப் பெட்டியில் செருகப்படும் ‘இருவருக்கு பஃபே’ கூப்பனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வார நாள் மதியம் மட்டும், விசேஷ நாள்களில் செல்லாது, நவம்பர் முப்பதோடு முடிவு. வேலைக்குப் போகிறவர் வார நாள் மதியம் மனைவியோடு எப்படி வருவார் என்று அதை அச்சடித்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆக, நான் கேட்பது இரண்டு கடிதங்கள். ஹாம்பர் விலைப்பட்டியல் ஆவணி முடிவதற்குள், பரிசு வாங்கும் பொறுப்புள்ள மனிதவளப் பிரிவுக்கு, சேல்ஸ் மேனேஜர் பெயரில், வரி சேர்த்த விலையோடு போகட்டும். வாழ்த்து பண்டிகை வாரத்தில், அறை போடுகிறவர் பெயருக்கு, ஜெனரல் மேனேஜர் கையெழுத்தோடு போகட்டும். அதில் வாடகைப் பேச்சே வேண்டாம். ‘உங்கள் விதி இடம் தராவிட்டால் சொல்லுங்கள், வாழ்த்து மட்டும் அனுப்புகிறோம்’ என்ற ஒரு வரி இருந்தால் செக்யூரிட்டி மேசையில் பெட்டியும் சங்கடமும் மிஞ்சாது. செலவு கூடும் என்பார்கள். கூடுவது ஒரு தபால்தலை. இயக்குநர் அறைக்குப் போகும் முப்பத்தோராவது பெட்டியை நிறுத்தினாலே அதற்கு மேல் மிச்சம்.